படுத்தா, உட்கார்ந்தா, நின்றா?

முழு உடல் பரிசோதனைக்குப் போனவர்கள் கையில் கடைசியாக ஒரு கோப்பு வந்து சேரும். அதைப் பொறுமையாகப் புரட்டினால், ஒரே காலையில் பார்த்த நாடித்துடிப்பு இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருப்பது கண்ணில் படும். ரத்த அழுத்தம் பார்த்த செவிலியர் 76 என்று எழுதியிருப்பார். அரை மணி நேரம் கழித்து எடுத்த இசிஜி தாளின் மூலையில் 67 என்று அச்சாகியிருக்கும். எது சரி என்று வீட்டில் ஒரு பஞ்சாயத்தே நடக்கும். இரண்டும் சரிதான். முதல் எண் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருடையது, அடுத்தது கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தவருடையது. அவர் ஒருவரேதான், ஆனால் அவருடைய இதயத்துக்கு இரண்டு வேளையும் இரண்டு வேலை.

இந்த வித்தியாசத்தை முறையாக எண்ணிப் பார்த்தவர்களில் முக்கியமானவர் லண்டன் மருத்துவர் வில்லியம் அகஸ்டஸ் கய். எதையும் எண்ணிப் பார்க்காமல் நம்பாத ஆள். பிரிட்டனின் ராயல் புள்ளியியல் கழகம் இன்றும் வழங்கும் 'கய் பதக்கம்' இவர் பெயரில்தான் இருக்கிறது. 1838இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், சராசரி வயது 27 கொண்ட நூறு ஆரோக்கியமான ஆண்களின் நாடி கணக்கு இருக்கிறது. நிற்கும்போது சராசரி 79, உட்காரும்போது 70, படுக்கும்போது 67. பெண்களிடம் அதே வரிசையில் 89, 82, 80. எண்கள் கொஞ்சம் உயர்ந்தாலும் இறங்கும் வரிசை மாறவில்லை.

கய்யின் கணக்கில் கவனிக்க வேண்டியது இடைவெளிகள். படுக்கைக்கும் நாற்காலிக்கும் நடுவே இரண்டு மூன்று துடிப்புதான். நாற்காலியை விட்டு எழுந்து நின்றால் ஏழு முதல் ஒன்பது வரை ஏறுகிறது. அவரிடம் ஒரு கடிகாரமும் விரல்களும் மட்டுமே இருந்தன. 1999இல் ஒரு அமெரிக்க மருத்துவர் குழு, ரத்த இழப்பைக் கண்டுபிடிப்பது பற்றிய பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தது. உடம்பில் நீர்ச்சத்தும் ரத்தமும் சரியாக உள்ளவர்கள் படுக்கையிலிருந்து எழுந்து நின்றால் நாடி சராசரியாக 11 துடிப்பு கூடுகிறது என்று அது கணக்கிட்டது. கய்யின் ஆண்களிடம் அது 12, பெண்களிடம் 9. நூற்றி அறுபது வருட இடைவெளியில் இவ்வளவு நெருக்கம்.

ஏன் கூடுகிறது? நிற்பதற்குத் தசைகள் உழைக்க வேண்டியிருக்கிறது, அதனால்தான் என்று அந்தக் காலத்தில் நினைத்தார்கள். உழைப்புக்கும் ஒரு பங்கு உண்டு, ஆனால் பெரிய பங்கு புவியீர்ப்புடையது. எழுந்து நின்ற சில நொடிகளில் அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை ரத்தம் மார்பை விட்டுக் கீழே இறங்கி, வயிற்றிலும் கால்களிலும் உள்ள சிரைகளில் தங்கிவிடுகிறது. சிரையின் சுவர் மெல்லியது, அழுத்தினால் விரிந்துகொடுக்கும். படுத்திருக்கும்போது பாதத்துச் சிரையில் ரத்தத்தின் அழுத்தம் பத்துப் பதினைந்து மில்லிமீட்டர் பாதரசம்தான். அசையாமல் நின்றால் அது தொண்ணூறுக்குப் போய்விடும். ரத்தம் எங்கும் கசிந்துவிடவில்லை, இதயத்துக்குத் திரும்பி வருவதுதான் குறைகிறது.

வரவு குறைந்தால் ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் அளவும் குறையும். படுத்திருக்கும் ஒருவரின் இதயம் ஒரு துடிப்புக்கு 90 மில்லிலிட்டர் தள்ளுகிறது, நிமிடத்துக்கு 60 முறை துடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 5.4 லிட்டர் ஆகிறது. நின்றதும் ஒரு துடிப்புக்கு 60 மில்லிலிட்டர்தான் கிடைக்கிறது. வேகம் அதே 60ஆக இருந்தால் 3.6 லிட்டரோடு நின்றுவிடும், தலை சுற்றும். 75க்கு ஏறினால் 4.5 லிட்டர் வரும். பழைய அளவை முழுதாக எட்டவில்லை என்றாலும் மூளைக்குத் தேவையான அழுத்தத்தைக் காப்பாற்ற இது போதும், ஏனென்றால் இதற்குள் ரத்தக்குழாய்களும் இறுகிக்கொடுத்திருக்கும். நாற்காலி இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. தொடை கிடைமட்டமாக இருப்பதால் ரத்தம் இறங்கும் உயரம் குறைவு, இதயத்துக்கு வேண்டிய ஈடுகட்டலும் குறைவு.

இந்த ஈடுகட்டலுக்கு உத்தரவு கழுத்திலிருந்தும் மார்பிலிருந்தும் வருகிறது. கழுத்துத் தமனி பிரியும் இடத்திலும் பெருந்தமனியின் வளைவிலும் அழுத்த உணரிகள் இருக்கின்றன. அழுத்தம் கொஞ்சம் தளர்ந்தாலும் அவை மூளைத்தண்டுக்குச் சேதி அனுப்பும். படுத்திருந்தபோது இதயத்தைப் பிடித்து மெதுவாக்கிக்கொண்டிருந்த வேகஸ் நரம்பு உடனே பிடியை விடுகிறது. வேகத்தை ஏற்றும் பரிவு நரம்புகள் சற்றுத் தாமதமாக வந்து சேர்கின்றன.

நரம்புதான் இதைச் செய்கிறது என்பதை மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களிடம் நேராகவே பார்க்கலாம். அறுவை சிகிச்சையில் பழைய இதயத்தின் நரம்பு இணைப்புகள் வெட்டப்பட்டுவிடும். புதிய இதயத்தைப் பிடித்து நிறுத்த வேகஸ் இல்லாததால், அவர்களுடைய ஓய்வு நாடியே பெரும்பாலும் 90, 100 என்று இருக்கும். எழுந்து நின்றால் மற்றவர்களைப் போல அது சட்டென்று தாவாது. அட்ரினல் சுரப்பியிலிருந்து ஹார்மோன் ரத்தத்தில் கலந்து வந்து சேர்ந்த பிறகுதான் மெதுவாக ஏறும்.

நரம்பு சரியாக உள்ளவரின் தாவலில் இன்னொரு விசேஷம் உண்டு. எழுந்து நின்ற பத்துப் பதினைந்து நொடியில் நாடி உச்சத்துக்குப் போகும். பிறகு சட்டென்று கொஞ்சம் இறங்கி, ஏறக்குறைய முப்பதாவது துடிப்பில் நிதானத்துக்கு வரும். எடின்பரோவில் டேவிட் யூயிங் இதையே ஒரு பரிசோதனையாக்கினார். நின்ற பின் வரும் பதினைந்தாவது துடிப்பின் இடைவெளியையும் முப்பதாவது துடிப்பின் இடைவெளியையும் ஒப்பிட்டு, நீரிழிவு இதயத்தின் நரம்புகளைப் பாதித்திருக்கிறதா என்று பார்ப்பது அந்த முறை. வீட்டில் நாடி எண்ணுகிறவருக்கு இதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. உடம்பின் நிலை மாறிய உடனே எண்ணினால், கிடைக்கும் எண் பழைய நிலையுடையதும் இல்லை, புதிய நிலையுடையதும் இல்லை. நடுவழியில் பிடித்த எண் அது. தொடக்கத்தில் சொன்ன செவிலியரின் 76க்கும் இசிஜியின் 67க்கும் நடுவே ஒன்பது துடிப்பு வந்ததற்கு நாற்காலி மட்டும் காரணமாக இருக்க முடியாது. இரண்டு மூன்று துடிப்பு அதனுடையது. மீதியில் ஒரு பங்கு, அவர் மாடிப்படி ஏறி வந்து உட்கார்ந்த கையோடு பட்டையைச் சுற்றியதாலும் வந்திருக்கும்.

இனி எண்ணும் விதம். மணிக்கட்டில் பெருவிரலுக்கு நேர்கீழே ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெதுவாகப் பதித்து, பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்குவது பலரின் பழக்கம். அவசரத்துக்கு அது போதும். ஆனால் அப்படி எண்ணினால் விடை 64, 68, 72 என்று நாலு நாலாகத்தான் தாவ முடியும். கடைசித் துடிப்பைச் சேர்ப்பதா விடுவதா என்று தடுமாறினாலே நாலு துடிப்பு போய்விடும். படுக்கைக்கும் நாற்காலிக்கும் உள்ள மொத்த வித்தியாசமும் அவ்வளவுதான்! போதாததற்கு, மூச்சை இழுக்கும்போது நாடி சற்று வேகமாகும், விடும்போது தளரும். இளம் வயதினரிடம், அதிலும் படுத்திருக்கும்போது, இது நன்றாகவே தெரியும். பதினைந்து நொடியில் மூன்று நான்கு மூச்சுதான் அடங்கும், எந்த மூச்சில் தொடங்கினோம் என்பதே விடையை அசைத்துவிடும். முப்பது நொடி எண்ணி இரண்டால் பெருக்குவது நல்லது. ஒரு முழு நிமிடம் எண்ணினால் பெருக்கலே வேண்டாம். துடிப்பு ஒழுங்கில்லாமல் விட்டுவிட்டு வருகிறவர்கள் முழு நிமிடம்தான் எண்ண வேண்டும். அப்போதும் சில துடிப்புகள் மணிக்கட்டு வரை எட்டாமல் போகலாம் என்பதால், அவர்களுக்கு இசிஜி எண்தான் நம்பகமானது.

சரி, குறிப்பேட்டில் எந்த நிலையை எழுதுவது?

ஓய்வு நாடி என்றாலே காலையில் கண் விழித்ததும் படுக்கையில் எண்ணுவதுதான் என்று ஓட்டப் பயிற்சியாளர்கள் சொல்வார்கள். அதில் நியாயம் இருக்கிறது. அந்த நேரத்தில் காபி இல்லை, படிக்கட்டு இல்லை, பேச்சு இல்லை, நாளுக்கு நாள் சூழ்நிலை அதிகம் மாறாது. ஆனால் அந்த எண்ணை வேறு எதனோடும் ஒப்பிட முடியாது என்பது அதன் குறை. பொது மக்களின் ஓய்வு நாடி எவ்வளவு என்று வெளிவரும் பல கணக்குகளுக்கு அடிப்படை நாற்காலிதான். அமெரிக்காவின் தேசிய உடல்நல, ஊட்டச்சத்து ஆய்வு, ஆளைச் சில நிமிடம் உட்காரவைத்து, மணிக்கட்டில் முப்பது நொடி எண்ணி இரட்டிப்பாக்கியது. 1999 முதல் 2008 வரை அப்படி எடுத்ததில் இருபது வயதுக்கு மேற்பட்ட ஆண்களின் சராசரி 71, பெண்களுடையது 74. ஐரோப்பிய உயர் ரத்த அழுத்தச் சங்கத்தின் நிபுணர் குழுவும் 2006இல் இதே வழியைத்தான் பரிந்துரைத்தது. குறைந்தது ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுத்து, உட்கார்ந்தபடியே முப்பது நொடி எண்ணி, குறைந்தது இரண்டு முறை பார்க்க வேண்டும் என்றது அது. மருத்துவர் அறையில் நாடி பிடித்துப் பார்ப்பதும் பெரும்பாலும் உட்கார்ந்த நிலையில்தான்.

அதனால் மருத்துவரிடம் காட்டவோ, சராசரியோடு ஒப்பிடவோ எழுதுகிறவருக்கு நாற்காலிதான் பொருத்தம். முதுகைச் சாய்த்து, பாதம் இரண்டையும் தரையில் வைத்து, கால்மேல் கால் போடாமல், ஐந்து நிமிடம் கழித்து எண்ண வேண்டும். பேசக் கூடாது, கைப்பேசியில் செய்தி படிக்கக் கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தால் அதுவும் நாடியை ஏற்றும். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எண்ணினால் என்ன என்று நம்மவர்கள் கேட்பார்கள். தாராளமாக எண்ணலாம். ஆனால் அங்கே கால்கள் தொங்குவதில்லை, ரத்தம் இறங்கும் உயரமும் நாற்காலியைவிடக் குறைவு. ஒரு நாள் பாயிலும் ஒரு நாள் நாற்காலியிலும் எண்ணிவிட்டு இரண்டையும் ஒரே வரிசையில் எழுதாமல் இருந்தால் சரி. இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்து படுப்பதும் தட்டையாகப் படுப்பதும்கூட ஒன்று கிடையாது.

தன் உடம்பின் போக்கை மட்டும் பார்க்க விரும்புகிறவர், பயிற்சி அதிகமாகிவிட்டதா, காய்ச்சலுக்குப் பிறகு தேறிவிட்டோமா என்று கவனிக்கிறவர், படுக்கை எண்ணை எழுதலாம். கையில் கட்டும் கருவிகள் காட்டும் ஓய்வு நாடியை மட்டும் இந்த இரண்டு வரிசையிலும் கலக்காமல் இருப்பது நல்லது. சில கருவிகள் தூக்கத்தில் விழும் எண்ணையும் சேர்த்துக்கொள்கின்றன, சில விழித்திருக்கும்போது அசையாமல் இருந்த நேரத்தை மட்டும் எடுக்கின்றன. தூக்கத்தில் நாடி, விழித்துப் படுத்திருப்பதைவிடவும் கீழே போகும். கருவியை மாற்றிய அன்று ஓய்வு நாடி 'இறங்கிவிட்டது' என்று சந்தோஷப்படுகிறவர்கள், எதிலிருந்து எதற்கு மாறினோம் என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம்.

நிலையைக் கலப்பதால் என்ன ஆகிறது என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நாற்பத்தாறு வயதுக்காரர் ஒருவர் தினமும் நடக்கத் தொடங்குகிறார். ஓய்வு நாடி இறங்குகிறதா என்று பார்க்க ஆசை. முதல் வாரம் மாலையில் அலுவலகம் விட்டு வந்து, டீ குடித்து, நாற்காலியில் உட்கார்ந்து எண்ணியதில் 76, 74, 77, 75 என்று வருகிறது. ஏறக்குறைய 75. ஆறு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை படுக்கையில் படுத்தபடியே எண்ணுகிறார், 68. ஏழு துடிப்பு இறங்கிவிட்டதாகக் குறிப்பேடு சொல்கிறது. மறுநாள் மாலை பழைய நாற்காலியிலேயே ஐந்து நிமிடம் உட்கார்ந்து எண்ணினால் 73. அடுத்த மூன்று நாளும் 72, 74, 73. உண்மையான இறக்கம் இரண்டு துடிப்பு. மீதி ஐந்தும் படுக்கையும் காலை நேரமும் குடிக்காத டீயும் கொடுத்தவை. இரண்டு துடிப்பு இறக்கமும் ஆறு வார நடைக்கு நல்ல பலன்தான், குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஏழு என்று நம்பிவிட்டவர் அடுத்த மாதம் நாற்காலியில் 73 பார்க்கும்போது, நடந்ததெல்லாம் வீணாகிவிட்டதாக நினைத்து நடையையே நிறுத்திவிடக்கூடும்.

இதற்கு மருந்து மிக எளிது. எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து போதும். படுக்கைக்கு 'ப', உட்கார்ந்ததற்கு 'உ', நின்றதற்கு 'நி'. '68 ப' என்று எழுதியிருந்தால், '75 உ'வோடு அதைக் கழிக்க யாருக்கும் கை வராது.

நின்ற எண்ணை ஓய்வு நாடி என்று எழுதுவதில் அர்த்தமில்லை, நிற்பது இதயத்துக்கு ஓய்வு கிடையாது. ஆனால் அது படுக்கை எண்ணோடு சேர்ந்து வரும்போது வேறொரு தகவலைச் சொல்கிறது. ஐந்து நிமிடம் படுத்திருந்து எண்ணிக்கொண்டு, எழுந்து நின்று, ஒரு நிமிடம் கழித்து மறுபடி எண்ண வேண்டும். அந்த ஒரு நிமிடம் முதல் உச்சம் அடங்குவதற்கு. பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கட்டும். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் பத்துப் பதினைந்து என்றால் பெரும்பாலானவர்களுக்கு அது வழக்கமானதுதான். பின்லாந்தின் ஹெய்க்கி ருஸ்கோ, பனிச்சறுக்கு வீரர்களுக்குப் பயிற்சி மிஞ்சிப்போயிருக்கிறதா என்று பார்க்க இதே இரட்டை அளவைத்தான் பயன்படுத்தினார். படுக்கை எண்ணில் மாற்றம் தெரியாதபோதும், நின்று ஒன்றரை நிமிடம் கழித்து வரும் எண் வழக்கத்தைவிட எகிறியிருந்தால், உடம்பு இன்னும் தேறவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள்.

வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் வெயிலில் வேலை ஆகியவற்றால் நீர்ச்சத்து குறைந்தவருக்கு இந்த இடைவெளி விரியும். கீழே இறங்கும் ரத்தத்தின் அளவு பெரிதாக மாறாது, மேலே மிஞ்சி இருப்பதுதான் குறைவு. முன்பு சொன்ன 1999 ஆய்வில், ஏறக்குறைய ஒரு லிட்டர் ரத்தம் இழந்தவர்களில் பெரும்பாலோருக்கு நின்றதும் முப்பதுக்கு மேல் ஏறியது, அல்லது நிற்கவே முடியாதபடி தலை சுற்றியது. நிற்பதற்குப் பதிலாக உட்காரவைத்துப் பார்த்தபோது இந்த அடையாளம் பல பேரிடம் தென்படவில்லை. ரத்த இழப்போ நீரிழப்போ இல்லாமலேயே, நின்ற பத்து நிமிடத்துக்குள் பெரியவர்களுக்கு முப்பது துடிப்பும், பன்னிரண்டு முதல் பத்தொன்பது வயதுக்குள் இருப்பவர்களுக்கு நாற்பது துடிப்பும் ஏறி, ரத்த அழுத்தம் பெரிதாக இறங்காமல், தலைசுற்றல், படபடப்பு போன்ற தொந்தரவுகளும் மாதக்கணக்கில் தொடர்ந்தால் மருத்துவர்கள் 'பாட்ஸ்' என்ற கோளாறைச் சந்தேகிப்பார்கள். ஒரே ஒரு நாள் எண்ணை வைத்து அதை முடிவுசெய்ய முடியாது.

இடைவெளி குறைவாக இருப்பதும் எப்போதும் நல்ல சேதி இல்லை. பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு மூன்று எண்களும் இறங்கி ஒன்றையொன்று நெருங்கிவிடும், அது மருந்தின் வேலை. பல வருடமாக நீரிழிவு உள்ளவருக்கு மாத்திரையின் துணையில்லாமலே நின்றாலும் படுத்தாலும் நாடி ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கிறது, எழுந்தால் கண் இருட்டுகிறது என்றால், யூயிங் தேடிய அதே நரம்புப் பாதிப்பாக இருக்கலாம்.

படுக்கை ஓய்வாக இல்லாதவர்களும் உண்டு. இதயச் செயலிழப்பு உள்ள சிலருக்குத் தட்டையாகப் படுத்தால் மூச்சு முட்டும், நாடி ஏறும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் மல்லாந்து படுத்தால் கருப்பை, கீழிருந்து ரத்தம் கொண்டுவரும் பெருஞ்சிரையை அழுத்தும். இதயத்துக்கு வரவு குறையும், சிலருக்கு நின்றதைப் போலவே நாடி கூடி மயக்கம்கூட வரும். இவர்கள் 'ப' வரிசையையே விட்டுவிட்டு நாற்காலியில் எண்ணலாம். கர்ப்பிணிகள் படுத்துதான் எண்ண வேண்டுமென்றால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து எண்ணி, அதையும் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும்.